கண்டுபிடிப்பு விளக்கத்தை மறுவரைவு செய்தல்: ரைட் சகோதரர்களின் காப்புரிமை விண்ணப்பத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஒரு கண்டுபிடிப்பின் விளக்கம் துறைசாராத ஆய்வாளரின் கைக்குச் செல்லும்போது, கருவியின் அமைப்பைச் சரியாக விவரிப்பது மட்டும் போதுமானதாக இருப்பதில்லை. முன்பு நிலவிய குறை, அதனை நீக்கிய மாற்றம், அதனால் விளைந்த பயன் என்னும் வரிசையில் அவ்விளக்கம் அமைய வேண்டும். இதனை ரைட் சகோதரர்களின் வானூர்திக் காப்புரிமையைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

முன்னுரை

வில்பர் ரைட், ஆர்வில் ரைட் ஆகிய இருவரும் 1903 மார்ச் 23 அன்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தனர். எந்திரத்தால் இயங்கும் வானூர்தியை அவர்கள் பறக்கவிட்டது அதே ஆண்டின் திசம்பரில்தான். எனவே விண்ணப்பத்தில் இடம்பெற்றது எந்திரமற்ற சறுக்கு வானூர்தியே ஆகும். தாமே எழுதிய அவ்விண்ணப்பம் தெளிவற்றது என்றும் செயல்படாத கருவியைக் குறிப்பது என்றும் மறுக்கப்பட்டது. இறக்கை முறுங்கும் விதத்தைக் காட்ட வில்பர் ஓர் அட்டைப்பெட்டியை அனுப்பியும் மறுப்பு நீங்கவில்லை. 1904இல் ஒகையோ மாநிலத்து வழக்கறிஞர் ஆரி டூல்மின் இப்பணியை ஏற்றார். 1906 மே 22 அன்று 821,393 என்னும் எண்ணுடைய காப்புரிமை வழங்கப்பட்டது.

உறுப்புகளை விவரித்தலின் குறை

கண்டுபிடிப்பாளர் தம் கருவியை உறுப்பு உறுப்பாக விவரிப்பது இயல்பு. அத்தகைய விளக்கத்திற்கு ஒரு மாதிரியைப் பின்வருமாறு அமைக்கலாம்:

“மேலும் கீழுமாக அமைந்த இரு இறக்கைகள் செங்குத்துத் தாங்கிகளாலும் கம்பிகளாலும் பிணைக்கப்பட்டுள்ளன. பின்விளிம்பு மூலைகளிலிருந்து வரும் கயிறு உருளைகளின் வழியே சென்று, ஓட்டுநர் படுத்திருக்கும் தொட்டிலை அடைகிறது.”

இதில் தவறான செய்தி ஏதுமில்லை. ஆயினும் இரண்டடுக்கு இறக்கை, தாங்கி, கயிறு ஆகிய அனைத்தும் ஒரே நிறையில் நிற்கின்றன. இரண்டடுக்கு இறக்கையும் கம்பிப் பிணைப்பும் பிறர் முன்பே பயன்படுத்தியவை. அவற்றுள் புதியது எது என்பதை ஆய்வாளர் தாமே தேட வேண்டியுள்ளது. அவ்வாறு தேடிக் காணாதவர் மறுப்பதே எளிது.

மறுவரைவின் வரிசை

மறுவரைவில் முதலில் வர வேண்டியது குறை. செருமானியரான ஓட்டோ லிலியென்தால் போன்றோர் தம் உடலைப் பக்கவாட்டில் அசைத்தே சறுக்கு வானூர்தியின் சமநிலையைக் காத்தனர். ஊர்தி பெரிதாகும்போது மனித உடலின் எடை அதற்குப் போதாது. லிலியென்தால் 1896இல் விபத்தில் இறந்தார். இக்குறையை அறிந்த வாசகருக்கு அடுத்து வரும் மாற்றம் உடனே பொருள்படும்:

“இதுவரை ஓட்டுநர் தம் எடையை நகர்த்தி ஊர்தியை நிமிர்த்தினார். இவ்வூர்தியில் அவர் இறக்கையையே முறுக்குகிறார். தாழ்ந்த பக்கத்து இறக்கைமுனையின் பின்விளிம்பு கீழிறங்க, அங்குக் காற்றின் தூக்கும் விசை கூடுகிறது, மறுபக்கத்தில் குறைகிறது. அதனால் ஊர்தி நிமிர்கிறது.”

கயிறும் உருளையும் இதன் பின்னரே வர வேண்டும். அப்போது அவை இம்மாற்றத்தை நிகழ்த்தும் வழிகளாக விளங்கும்.

மூன்றாவதாக, எளிய விளக்கத்தில் விடுபடக்கூடிய பக்கவிளைவையும் கூற வேண்டும். தூக்கும் விசை கூடிய பக்கத்தில் காற்றின் தடையும் கூடுகிறது. அப்பக்கம் பின்தங்குவதால் ஊர்தி அத்திசையில் திரும்ப முற்படுகிறது. இதனை ஈடுசெய்யப் பின்புறச் சுக்கான், இறக்கை முறுக்கத்துடன் இணைந்து எதிர்ப்பக்கம் திரும்புமாறு அமைக்கப்பட்டது. இவ்விணைப்பைச் சொல்லாவிடில் சுக்கான் படகின் சுக்கானைப் போன்ற திருப்பும் கருவியாக மட்டுமே தோன்றும். அதன் புதுமை மறைந்துவிடும்.

சொல்லின் எல்லை

புதுமையை எவ்வளவு விரிவாகச் சொல்வது என்பது அடுத்த சிக்கல். “கயிற்றால் முறுக்கப்படும் துணி இறக்கை” என எழுதினால், வேறு முறையில் அதே பயனை அடைபவர் உரிமையின் எல்லைக்குள் வாரார். “பறப்பதற்கான எந்திரம்” என எழுதினால் புதுமை எதுவெனப் புலப்படாது. ரைட் காப்புரிமை, இறக்கைகளின் ஓரப்பகுதிகள் வெவ்வேறு கோணங்களில் காற்றை எதிர்கொள்ளுமாறு மாற்றுதல் என்னும் செயலை முதன்மைப்படுத்தியது. காட்டப்பட்ட அமைப்போடு தன் எல்லை முடிவதில்லை என்றும் கூறியது. இதனால், இறக்கையை முறுக்காமல் தனிச் சிறகுத் தகடுகளைப் பயன்படுத்திய கிளென் கர்ட்டிசுக்கு எதிரான வழக்கில், 1914இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரைட் தரப்பின் உரிமையை ஏற்றது.

மறுவரைவிற்கும் ஓர் எல்லை உண்டு. விண்ணப்பித்த பின்னர்ப் புதிய செய்தியைச் சேர்க்கக் காப்புரிமைச் சட்டம் இடந்தராது. வரிசையையும் அழுத்தத்தையும் சொல்லையும் மாற்றலாம்; முதல் வரைவில் இல்லாத பொருளை நுழைக்க இயலாது. ஆகவே பக்கவிளைவும் அதன் தீர்வும் முதல் வரைவிலேயே இடம்பெற்றிருத்தல் வேண்டும்.

முடிவுரை

மறுவரைவு பயன்பட்டதா என்பதை ஒரு சோதனையால் அறியலாம். துறைசாராத ஒருவர் விளக்கத்தை ஒருமுறை படித்து மூடிவைத்தபின், முன்பு இயலாதது எது, இப்போது எது மாறியது, அம்மாற்றத்தை நீக்கினால் என்ன நேரும் என மூன்று வினாக்களுக்கு விடை கூற வேண்டும். அவர் உறுப்புகளின் பெயர்களை மட்டும் திருப்பிச் சொல்வாராயின், விளக்கம் இன்னும் முதல் வரைவின் நிலையிலேயே உள்ளது எனலாம்.