எடுக்க ஆள் வரவில்லை, பணமும் வரவில்லை

திருநெல்வேலியில் எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் ஆன்லைனில் 4,299 ரூபாய்க்கு மிக்ஸி வாங்கினார். பெட்டியைப் பிரித்து ஓட்டிப் பார்த்த அன்றே மோட்டாரிலிருந்து கருகிய வாடை வந்தது. உடனே ரிட்டர்ன் போட்டார், விற்பனையாளரும் ஒப்புக்கொண்டார். ‘பொருள் எங்கள் கைக்கு வந்ததும் பணம் திரும்பத் தரப்படும்’ என்று செய்தி வந்தது. பொருளை எடுத்துப்போகத்தான் யாரும் வரவில்லை.

வரவில்லை என்பதைவிட, வந்ததாகக் கணக்கு எழுதப்பட்டது என்பதே சரி. இரவு எட்டே முக்காலுக்குச் செல்போனில் ஒரு குறுஞ்செய்தி: ‘எங்கள் ஊழியர் வந்தபோது வாடிக்கையாளர் வீட்டில் இல்லை.’ அந்த நேரத்தில் அவர் வீட்டில்தான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அழைப்புமணி அடிக்கவில்லை, போனும் வரவில்லை. மறுநாளும் அதே செய்தி. மூன்றாவது முறை, ‘வாடிக்கையாளர் தேதியை மாற்றக் கேட்டார்’ என்று வந்தது. அதன்பின் ரிட்டர்ன் கோரிக்கையே தானாக ரத்தாகிவிட்டது.

இது எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் யாரிடம் கேட்பது என்பது தெளிவாகும். கூரியர் ஊழியரின் அன்றைய பட்டியலில் டெலிவரிகளோடு ரிட்டர்ன்களும் கலந்திருக்கும். ரிட்டர்ன் எடுப்பதில் வேலை அதிகம்: பெட்டியைத் திறந்து பொருளைச் சரிபார்க்க வேண்டும், படம் எடுக்க வேண்டும், ஓடிபி வாங்க வேண்டும். நேரம் போதாத நாளில் அதுதான் முதலில் விடுபடும். ஆனாலும் பட்டியலை முடிக்க ஒவ்வொன்றுக்கும் ஏதாவது ஒரு காரணத்தைப் பதிந்தாக வேண்டும். ‘வாடிக்கையாளர் இல்லை’ என்று பதிந்தால் பழி ஊழியர்மீதும் வராது, கூரியர் நிறுவனத்தின்மீதும் வராது. இப்படிச் சில முறை பதிவானால் பல தளங்களில் கோரிக்கை தானாக மூடப்பட்டுவிடும். கடைசியில் குற்றவாளி ஆவது வாங்கியவர்தான்.

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் கூரியர் நிறுவனத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள். அதனால் பயனில்லை. கூரியரை அமர்த்தியவர் விற்பனையாளர் அல்லது அந்த விற்பனைத் தளம். கூலி கொடுப்பதும் அவர்களே. அவர்கள் அமர்த்திய ஆள் வேலையைச் செய்யவில்லை என்றால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்களும் அவர்கள்தான். ‘லாஜிஸ்டிக்ஸ் பார்ட்னர் தாமதம்’ என்று விற்பனையாளர் சொல்வது அவருக்கும் கூரியருக்கும் உள்ள வழக்கு. நமக்கு அதில் பங்கில்லை.

பலருக்கும் தெரியாத சட்டப் பிரிவு ஒன்று இங்கே துணைக்கு வருகிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 43ஆம் பிரிவு. பொருளை ஏற்க மறுக்கும் உரிமை வாங்கியவருக்கு இருந்து அவர் மறுத்துவிட்டால், வேறு உடன்பாடு இல்லாதவரை, பொருளைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய கடமை அவருக்கு இல்லை. மறுப்பதை விற்றவருக்குத் தெரிவித்தாலே போதும் என்கிறது அது. தளத்தின் நிபந்தனைகளில் வேறு உடன்பாடு இருக்கலாம். ஆனால் ‘வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வோம்’ என்று அவர்களே எழுதியிருந்தால், எடுப்பது அவர்கள் பொறுப்பு என்பது இன்னும் உறுதியாகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதே சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி, மறுப்பைத் தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் பொருளை வைத்திருந்தாலோ, சொந்தப் பொருள்போலக் கையாண்டாலோ அதை ஏற்றுக்கொண்டதாகவே பொருள். ஆகவே ரிட்டர்ன் போட்டபின் ‘சும்மாதானே கிடக்கிறது’ என்று அந்த மிக்ஸியில் ஒரு நாள்கூடச் சட்னி அரைக்கக் கூடாது. பெட்டி, ஜாடி, உத்தரவாத அட்டை எல்லாவற்றோடும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பொருளில் குறை ஏதும் இல்லை, நிறம்தான் பிடிக்கவில்லை என்றால் இந்தப் பிரிவு உதவாது. அங்கே அந்தக் கடையின் ரிட்டர்ன் விதி என்ன சொல்கிறதோ அதுதான்.

அடுத்தது கடிதம். கஸ்டமர் கேர் சாட்டில் பேசியது போதாது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி தளமும், அதில் விற்பவரும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விற்பனையாளரின் பெயரும் முகவரியும் தளத்தில் இருக்கும், பில்லிலும் பார்க்கலாம். மின்னஞ்சலை அந்த அலுவலருக்கே அனுப்பி, தளத்துக்கும் நகல் அனுப்புங்கள். ஆசிரியை எழுதியது ஏறக்குறைய இப்படி:

“ஐயா, வணக்கம். மார்ச் 3 அன்று தங்களிடம் வாங்கிய மிக்ஸி (ஆர்டர் எண் இணைப்பில்) மார்ச் 7 அன்று கிடைத்தது. மோட்டார் கருகும் குறையால் அன்றே ரிட்டர்ன் பதிவு செய்தேன், தாங்களும் ஏற்றீர்கள். மார்ச் 10, 11, 13 தேதிகளில் தங்கள் கூரியர் ஊழியர் வந்ததாகப் பதிவாகியுள்ளது. மூன்று நாளும் நான் வீட்டில் இருந்தேன். யாரும் வரவில்லை, தேதியை மாற்றும்படி நான் கேட்கவும் இல்லை. என் கைப்பேசியின் அழைப்புப் பட்டியலை இணைத்துள்ளேன். குறையுள்ள இந்தப் பொருளை நான் ஏற்கவில்லை. பயன்படுத்தாமல், பெட்டியோடு பாதுகாப்பாக வைத்துள்ளேன். எந்த வேலைநாளிலும் மாலை 5 மணிக்கு மேல் எடுத்துக்கொள்ளலாம். கூரியரை அமர்த்தியது தாங்கள் என்பதால் அதன் தவறுக்காக என் பணத்தை நிறுத்திவைப்பது முறையல்ல. இக்கடிதம் கிடைத்த 7 நாளுக்குள் பொருளை எடுத்துக்கொண்டு 4,299 ரூபாயைத் திருப்பித் தருமாறும், ரத்தான கோரிக்கையை மீண்டும் திறக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். தவறினால் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்.”

இதில் வசவு இல்லை, கதை இல்லை. தேதிகளும், பொருள் தயாராக இருக்கிறது என்ற சொல்லும், ஒரு கெடுவும் இருக்கின்றன. கடிதத்துக்கு உயிர் கொடுத்தது அழைப்புப் பட்டியலின் படம்தான். ஊழியர் வந்து தேடியிருந்தால் ஒரு தடவையாவது போன் செய்திருப்பார். அந்த நேரத்தில் எந்த அழைப்பும் இல்லை என்பதைப் பார்க்கும் எவருக்கும் பதிவு பொய் என்று விளங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு பொய்ச் செய்தி வரும்போதும் அதையும், அன்றைய அழைப்புப் பட்டியலையும் உடனே படமெடுத்து வையுங்கள். கோரிக்கை ரத்தானபின் செயலியில் பழைய விவரங்கள் முழுதாகக் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

சில சமயம், ‘நீங்களே கூரியரில் அனுப்பிவிடுங்கள்’ என்று பதில் வரும். சம்மதம் என்றால், செலவை யார் ஏற்பது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, ரசீதோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பலாம். கட்டாயம் ஏதும் இல்லை. கூரியர் ஊழியரே வந்தாலும் எடுத்துக்கொண்டதற்கான ரசீதோ குறுஞ்செய்தியோ கிடைக்காமல் பெட்டியைக் கொடுக்காதீர்கள். கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடி அழைப்பதும் ஆபத்து. பணம் திருப்பித் தருவதாகச் சொல்லி வங்கிக் கணக்கைத் துடைப்பவர்கள் அங்கேதான் காத்திருக்கிறார்கள்.

ஆசிரியையின் கடிதத்துக்குப் பிறகு வேறு கூரியர் வந்து பொருளை எடுத்தது, பணமும் கணக்கில் சேர்ந்தது. எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. கெடு கடந்தும் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ consumerhelpline.gov.in தளத்திலோ புகார் பதியலாம். நிறுவனத்தோடு பேசித் தீர்க்க முயல்வார்கள். தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பனையாளர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனுவைப் போட்டுவிட வேண்டும்.