மறைந்துபோன இரண்டு நாள்கள்

தையல் கூடம் நடத்தும் என் தங்கை சனிக்கிழமை மாலை போன் செய்தாள். “அண்ணே, ஆறு நாளும் வந்து தைத்த அக்காவுக்கு மொத்தம் மூன்றரை மணி நேரம்தான்னு எக்செல் காட்டுது. சம்பளம் எப்படிப் போடுறது?”

அவள் பதிந்திருந்தவை 8:30, 9:15, 7:45, 8:50, 9:10, 8:00. விரல்விட்டுக் கூட்டினாலே 51 மணி 30 நிமிடம் வரும். ஆனால், SUM போட்ட செல்லில் 3:30 என்று இருந்தது. கூட்டலில் பிழையில்லை. அந்தச் செல்லுக்குள் சரியான விடைதான் இருந்தது. வெளியே தெரிந்ததுதான் வேறு.

எக்செல்லுக்கு மணி என்று தனியாக ஓர் அளவு கிடையாது. ஒரு முழு நாள்தான் அதற்கு 1. நண்பகல் 12 மணி என்றால் 0.5, காலை 6 மணி என்றால் 0.25. தேதியும் இதே எண்தான். 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து நாள்களை எண்ணிக்கொண்டே வருகிறது. புள்ளிக்கு முன்னால் இருப்பது தேதி, பின்னால் இருப்பது நேரம். 51 மணி 30 நிமிடத்தை 24-ஆல் வகுத்தால் 2.1458. தங்கையின் செல்லில் உண்மையில் இருந்தது இந்த எண்தான்.

இப்போது அதே எண்ணைக் கடிகாரமாக நினைத்துப் படியுங்கள். 2 என்பது 1900 ஜனவரி 2, மீதி 0.1458 என்பது அன்று அதிகாலை 3:30. நேரங்களைக் கூட்டும்போது எக்செல் தானாகவே எடுத்துக்கொள்ளும் `h:mm` வடிவம் கடிகார முகத்தைப் போன்றது. 24 மணி ஆனதும் முள் மீண்டும் தொடக்கத்துக்கு வந்துவிடும். எத்தனை நாள் கடந்தது என்பதை அது சொல்லாது. ஆறு நாள் உழைப்பில் இரண்டு நாள்கள், அதாவது 48 மணி நேரம், கண்ணுக்குத் தெரியாமல் போனது இப்படித்தான்.

மொத்தம் இருக்கும் செல்லைத் தேர்ந்தெடுத்து Ctrl + 1 அழுத்தச் சொன்னேன். திறக்கும் Format Cells பெட்டியில் Number பகுதிக்குள் Custom இருக்கிறது. அங்கே Type கட்டத்தில் இதை எழுத வேண்டும்:

```
[h]:mm
```

உடனே 51:30 வந்தது. அந்தச் சதுர அடைப்புக்குறிதான் முழு வேலையையும் செய்கிறது. “24 ஆனதும் திரும்பாதே, எண்ணிக்கொண்டே போ” என்பது அதன் பொருள். `[m]` என்று எழுதினால் அதே செல் 3090 நிமிடம் என்று காட்டும். ஒவ்வொரு முறையும் உள்ளே இருப்பது 2.1458-தான், சட்டை மட்டுமே மாறுகிறது. கூகுள் ஷீட்ஸிலும் இதே எழுத்து செல்லும்.

உள்ளே இருப்பது நாள் கணக்கு என்பதை மறந்தால் கூலி போடும்போது அடி விழும். மணிக்கு 120 ரூபாய் என்று வைத்து, 51:30 தெரிகிற செல்லை 120-ஆல் பெருக்கி, விடையை Number வடிவத்தில் பார்த்தால் 257.50 வரும். அது இரண்டு சொச்சம் நாளை 120-ஆல் பெருக்கிய விடை. மொத்தம் B8 செல்லில் இருந்தால், நாளை மணியாக்க 24-ஐச் சேர்க்க வேண்டும்:

```
=B8*24*120
```

இந்தச் செல்லின் வடிவத்தை Number என்று வைத்தால் 6180 ரூபாய் கிடைக்கும்.

வடிவத்தை மாற்றிய பிறகும் மொத்தம் கோணலாக இருந்தால், நேரத்தைப் பதிந்த விதத்தைப் பார்க்க வேண்டும். நம் ஊரில் எட்டரை மணியை 8.30 என்று புள்ளி வைத்து எழுதுவது வழக்கம். எக்செல் அதை 8.3 நாள் என்று எடுத்துக்கொள்ளும்; `[h]:mm` போட்டால் அந்த ஒரு செல்லே 199:12 என்று நிற்கும். இன்னொரு சிக்கல், நேரம் வெறும் எழுத்தாகப் பதிவாகிவிடுவது. அப்படிப்பட்ட செல்லை SUM கண்டுகொள்ளாமல் தாண்டிவிடும், மொத்தம் குறையும். செல்லில் நாம் எந்த ஒழுங்கும் செய்யாதபோது எண் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். ஒரு வரிசையில் ஒன்று மட்டும் இடது ஓரம் போயிருந்தால் அதுதான் குற்றவாளி.

தங்கையின் தாளில் அப்படி எதுவும் இல்லை. அடைப்புக்குறி ஒன்றுதான் குறை. தாளில் மணிக் கணக்கு வைத்துக் கூலி தருகிறவர்கள், இந்த வாரம் பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் மொத்தச் செல்லின் வடிவத்தை ஒருமுறை திறந்து பாருங்கள்.