ஒப்புக்குச் சப்பாணியாக இல்லாமல்

தெருவில் ஆடிய காலத்தில் ஆட்டம் தெரியாத பொடியனை ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று சேர்த்துக்கொள்வோம். அவன் அவுட் ஆனாலும் கணக்கில் வராது. இணையத்தில் அணியாக ஆடும் கணினி விளையாட்டுகளில் இந்தச் சலுகை கிடையாது. முதல் நாளே நீங்கள் முழு ஆள். திட்டும் முழுதாகவே கிடைக்கும்.

அதனால் எதை ஆடுவது என்று முடிவுசெய்யும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம்: நான் செத்தால் என் அணிக்கு என்ன நஷ்டம்? வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் இரண்டிலும் போட்டி ஆட்டத்தில் அணிக்கு 5 பேர், ஒரு சுற்றுக்கு ஒரே உயிர். ஆரம்பத்திலேயே நீங்கள் விழுந்தால் மிச்சமுள்ள நால்வர் சமாளிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். டோட்டா 2 இன்னும் கறார். அங்கே நீங்கள் சாகும்போது எதிரிக்குத் தங்கமும் அனுபவப் புள்ளியும் போகின்றன. அதாவது உங்கள் சாவு அவரை வளர்க்கிறது. ‘ஃபீட் பண்ணாதே’ என்று கத்துவது இதைத்தான்.

என் கணக்கில் புதியவருக்குத் தோதானது டீம் ஃபோர்ட்ரெஸ் 2. வால்வ் நிறுவனம் 2007-ல் வெளியிட்டது. 2011 முதல் இலவசம். கைபேசியில் ஓடாது, கணினி வேண்டும். ஆனால் பழைய விளையாட்டு என்பதால் விலையுயர்ந்த கணினி தேவையில்லை. வழக்கமான ஆட்டத்தில் பக்கத்துக்கு 12 பேர். செத்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்துவிடலாம். உங்கள் தடுமாற்றம் பன்னிரண்டில் ஒரு பங்காகக் கரைந்துபோகும்.

கரைந்துபோவது மட்டும் போதாது, உருப்படியாக ஏதாவது செய்யவும் வேண்டுமே. இதில் உள்ள ஒன்பது பாத்திரங்களில் ‘மெடிக்’ என்கிற மருத்துவர் அதற்கானவர். அவரது மருத்துவத் துப்பாக்கிக்குக் கூர்மையான குறி தேவையில்லை. தோழரை நோக்கி அழுத்தினால் கதிர் அவர்மேல் ஒட்டிக்கொள்ளும்; அவர் வளைந்து ஓடினால் கதிரும் வளையும். காயம் ஆறிய பிறகும் உயிர்ப்புள்ளி ஏறும், ஒன்றரை மடங்கு வரை. 300 புள்ளி கொண்ட ‘ஹெவி’ என்ற தடியர் 450 ஆகிவிடுவார். இந்த உபரி மெல்ல வடிந்துவிடும் என்பதால் மோதல் தொடங்குவதற்குச் சற்று முன் எல்லாருக்கும் ஒரு சுற்று கொடுப்பது நல்லது.

புதியவர்கள் வழக்கமாகச் செய்வது வேறு. ஒரு ஹெவியைப் பிடித்துக்கொண்டு ஆட்டம் முழுக்க அவர் முதுகுக்குப் பின்னாலேயே நடப்பார்கள். நானும் நடந்திருக்கிறேன். பாதுகாப்பாகத்தான் இருக்கும், ஆனால் மற்றவர்கள் காயத்தோடு திரிவார்கள். இன்னொரு நஷ்டமும் உண்டு. வைத்தியம் பார்க்கப் பார்க்க ‘ஊபர்சார்ஜ்’ என்ற சக்தி சேரும். காயம்பட்டவருக்குக் கொடுத்தால் அது சுமார் 40 நொடியில் நிரம்பும். ஏற்கெனவே பொங்கி வழிகிறவருக்கே ஊற்றினால் ஏறக்குறைய இரட்டிப்பு நேரமாகும்.

அந்தச் சக்தியை இயக்கினால் உங்களையும் உங்கள் நோயாளியையும் 8 நொடிக்கு எந்தக் குண்டும் கொல்லாது. எதிரியின் ‘இன்ஜினியர்’ ஒரு குறுகலான வழியில் சென்ட்ரி என்னும் தானியங்கித் துப்பாக்கியை நிறுத்தி, உங்கள் அணி மொத்தத்தையும் முடக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். தலையை நீட்டினாலே சாவு. நீங்கள் சக்தியை நிரப்பிக்கொண்டு, வெடிகுண்டு ஒட்டும் ‘டெமோமேன்’ பக்கத்தில் போய் நிற்கிறீர்கள். இருவரும் மூலை திரும்பும் கணத்தில் இயக்குகிறீர்கள். சென்ட்ரி பொழியும் குண்டு உங்களைப் பின்னுக்குத் தள்ளும், காயப்படுத்தாது. அவர் அதன் காலடியில் குண்டுகளை ஒட்டி வெடிக்கிறார். வழி திறந்தது. நீங்கள் ஒருவரையும் சுடவில்லை. அவர் கணக்கில் ஏறும் வெற்றியில் உங்களுக்கும் உதவிப்புள்ளி விழும்.

பிசகுவது இரண்டு இடத்தில். திரும்புவதற்கு வெகுமுன்பே இயக்கினால் நடையிலேயே பாதி நேரம் கரையும். இன்னும் பெரிய அவசரத்துக்கு என்று சேமித்து வைத்தால், நிரம்பிய சக்தியோடு செத்துப்போவீர்கள். எழுந்ததும் மீண்டும் பூஜ்யத்திலிருந்துதான். சிக்கனக்காரர்களுக்கு இந்தப் பாத்திரம் சரிப்படாது. இது அடிக்கடி நடந்தால், இனி நிரம்பியதும் வரும் முதல் நெருக்கடியிலேயே செலவழித்துவிடுங்கள்.

மெடிக்கின் அருமை எதிரிக்கும் தெரியும் என்பதால் முதல் குறி அவர்தான். குறிப்பாக ‘ஸ்பை’. உங்கள் அணிக்காரர் வேடத்தில் வந்து முதுகில் குத்துவார். வேடத்தில் இருக்கும்போது உங்கள் கதிர் அவருக்கும் வைத்தியம் பார்க்கும் என்பதால் அதைக் கொண்டு அடையாளம் காண முடியாது. ஆனால் சொந்த அணிக்காரரின் உடலுக்குள் புகுந்து நடந்துவிடலாம், எதிரியின் உடலில் முட்டி நிற்போம். தோழர் ஒருவர் மேல் மோதித் தடுக்கப்பட்டீர்கள் என்றால், அவர் தோழர் இல்லை.