டாலர் பில்லில் குறைந்த ஐயாயிரம் ரூபாய்

கரூரிலிருந்து மேஜை விரிப்புகளும் சமையலறைத் துண்டுகளும் ஏற்றுமதி செய்யும் ஒரு சிறு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பிப்ரவரி 10-ஆம் தேதி அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவருக்கு 10,000 டாலருக்கு பில் போட்டுச் சரக்கை அனுப்புகிறார்கள். அன்று டாலர் 83 ரூபாய். கணக்கில் 8,30,000 ரூபாய் விற்பனை ஏறுகிறது. ஏப்ரல் 25-ஆம் தேதி வங்கியில் வரவாவதோ 8,24,855 ரூபாய். 5,145 ரூபாய் குறைகிறது.

பல அலுவலகங்களில் இந்த மொத்தக் குறைவையும் 'எக்ஸ்சேஞ்ச் நஷ்டம்' என்று எழுதி பில்லை முடித்துவிடுகிறார்கள். அது தவறு. இதில் உண்மையான எக்ஸ்சேஞ்ச் வித்தியாசம் 1,000 ரூபாய் மட்டுமே.

வங்கி அனுப்பிய வரவுச் சீட்டைப் பார்த்தால் விஷயம் தெரியும். வந்து சேர்ந்தது 10,000 டாலர் அல்ல, 9,950 டாலர். மீதி 50 டாலரை வழியில் இருந்த வெளிநாட்டு வங்கி தன் கட்டணமாகப் பிடித்துக்கொண்டது. வந்த டாலரை நம் வங்கி 82.90 ரூபாய்க்கு மாற்றியது. அந்த விகிதத்தில் 50 டாலரின் மதிப்பு 4,145 ரூபாய். இது வங்கிக் கட்டணம். டாலர் விலை ஏறியிருந்தாலும் இந்தப் பிடித்தம் இருந்திருக்கும். டாலர் 83-லிருந்து 82.90-க்கு இறங்கியதால் 10,000 டாலருக்கு ஏற்பட்ட 1,000 ரூபாய்தான் எக்ஸ்சேஞ்ச் நஷ்டம். இரண்டையும் கூட்டினால் 5,145.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. வாடிக்கையாளரின் லெட்ஜரில் டாலரையும் ரூபாயையும் தனித்தனியாகப் பாருங்கள். டாலர் பாக்கி பூஜ்யமாகி, ரூபாய் பாக்கி மட்டும் நின்றால் அது எக்ஸ்சேஞ்ச் வித்தியாசம். டாலரிலேயே பாக்கி நின்றால் அது வேறு விஷயம்: வங்கி பிடித்திருக்கலாம், வாடிக்கையாளர் தரக்குறைவு என்று கழித்திருக்கலாம், மறந்தே போயிருக்கலாம். எதுவென்று கேட்டுத்தான் எழுத வேண்டும்.

நம் கணக்கில் இன்னொரு திருப்பமும் இருக்கிறது. பில் பிப்ரவரியில், பணம் ஏப்ரலில். நடுவில் மார்ச் 31 வருகிறது. வர வேண்டிய டாலரை அன்றைய விகிதத்தில் மறுமதிப்பிட வேண்டும் என்பது இந்தியக் கணக்கியல் தரநிலைகளின் விதி. அன்று டாலர் 83.40 என்றால் பாக்கியின் மதிப்பு 8,34,000 ரூபாய். கைக்குப் பணம் வராவிட்டாலும் அந்த ஆண்டில் 4,000 ரூபாய் லாபம் எழுத வேண்டும். அடுத்த ஆண்டில் 82.90-க்கு முடியும்போது, ஒப்பிட வேண்டியது 83-உடன் அல்ல, 83.40-உடன். ஆகவே அந்த ஆண்டில் 5,000 ரூபாய் நஷ்டம். முதல் ஆண்டின் லாபம் 4,000, இரண்டாம் ஆண்டின் நஷ்டம் 5,000. நிகரம் அதே 1,000 ரூபாய் நஷ்டம்தான். மார்ச் 31-ஐத் தாண்டிவிட்டுப் பிப்ரவரி விகிதத்தோடு நேராக ஒப்பிட்டால், இரண்டு ஆண்டுகளின் லாபக் கணக்கும் தவறாகிவிடும்.

சிலர் இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட விற்பனைத் தொகையையே திருத்துகிறார்கள். அதைச் செய்யக் கூடாது. விற்பனை, சரக்கு அனுப்பிய நாளின் விகிதத்தோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு டாலர் ஏறுவதும் இறங்குவதும் வியாபாரத்தின் விலையை மாற்றுவதில்லை. அந்த வித்தியாசம் லாப நஷ்டக் கணக்கில் தனித் தலைப்பில் நிற்க வேண்டும். ஜி.எஸ்.டி.யிலும் இதே நிலைதான். ஏற்றுமதிச் சரக்கின் மதிப்பு, சுங்கத் துறை அறிவிக்கும் விகிதப்படி கணக்கிடப்படுகிறது. பணம் பின்னால் எந்த விகிதத்தில் வந்தாலும் அந்த மதிப்பு மாறாது. அதனால் ஷிப்பிங் பில்லில் ஒரு தொகையும் வங்கி வரவில் இன்னொரு தொகையும் இருப்பதைக் கண்டு பதற வேண்டியதில்லை.

வந்த டாலரை உடனே ரூபாயாக மாற்றாமல், வெளிநாட்டு நாணயத்துக்கான கணக்கில் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டாலர் அந்தக் கணக்கில் ஏறிய நாளிலேயே வாடிக்கையாளரின் பாக்கி தீர்ந்துவிடுகிறது. பில்லுக்கான எக்ஸ்சேஞ்ச் வித்தியாசமும் அன்றைய விகிதத்தோடு முடிகிறது. பிறகு விலை ஏறி இறங்குவது அந்த வங்கி இருப்பின் லாப நஷ்டம்.

இதையெல்லாம் பிரித்து எழுதுவதால் நஷ்டம் குறைந்துவிடாது. ஆனால் பணம் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். மேலே சொன்ன பில்லில் டாலர் இறங்கியதால் போனது 1,000, வங்கிக் கட்டணத்தில் போனது 4,145. டாலர் விலை நம் கையில் இல்லை. கட்டணத்தை யார் ஏற்பது என்பதை வாடிக்கையாளரிடம் ஆர்டர் எடுக்கும்போதே பேசி முடிக்கலாம். அடுத்த பணம் வந்ததும், ரூபாயைப் பார்க்கும் முன் எத்தனை டாலர் வந்தது என்று பாருங்கள்.