மாற்றுத்துணிப் பையில் என்ன இருக்க வேண்டும்?

மூன்று வயதுக் குழந்தையின் சிறுநீர்ப்பை ஏறத்தாழ 120 முதல் 150 மில்லிலிட்டர் வரை கொள்ளும். அது நிறைந்ததை உணர்வது, கொஞ்சம் அடக்குவது, ஆயாவிடம் சொல்வது, கழிப்பறைக்கு நடப்பது, டவுசரை இறக்குவது என எல்லாம் வரிசையாக நடந்தாக வேண்டும். இவற்றில் ஒன்று தாமதித்தாலும் துணி நனையும். வீட்டில் குழந்தை காலைப் பின்னுவதைப் பார்த்ததுமே அம்மா தூக்கிக்கொண்டு போய்விடுவார். ப்ரீகேஜி வகுப்பில் அப்படிக் கவனிக்க ஆள் போதாது. அதனால் வீட்டில் நனைக்காத பிள்ளை பள்ளியில் முதல் சில வாரங்கள் நனைப்பது சாதாரணம். பழகாத கழிப்பறைமீது உள்ள பயமும், விளையாட்டை விட்டு எழ மனமில்லாததும் காரணங்களே.

பல நேரம் உடையும் ஒரு காரணம். பதினொரு மணிக்கு, தின்பண்டமும் தண்ணீரும் முடிந்து அரை மணி கழித்து, ஒரு குழந்தை சரியாகவே சொல்லிவிட்டு ஓடுகிறது. ஜீன்ஸ் பொத்தானும் பெல்ட்டும் அவிழ்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. இடுப்பில் எலாஸ்டிக் வைத்த தளர்வான டவுசராக இருந்திருந்தால் பிழைத்திருக்கும். இறுக்கமான லெக்கிங்ஸ் நனைந்தபின் சுருண்டுகொள்ளும். கழற்றுவதும் மாட்டுவதும் பெரும்பாடு.

அதே குழந்தையின் பையில் ஒரு டவுசர் மட்டுமே இருந்தால் போதாது. நின்றபடி போகும் சிறுநீர் ஜட்டி, டவுசர் வழியாக இறங்கி சாக்ஸையும் ஷூவையும் நனைக்கும். சட்டையின் கீழ்விளிம்பும் தப்பாது. ஆகவே இரண்டு முழுத் தொகுப்பு வைப்பது நல்லது: ஒவ்வொன்றிலும் ஜட்டி, டவுசர் அல்லது கவுன், மேல்சட்டை, சாக்ஸ். இவற்றோடு கழுவக்கூடிய ஒரு ஜோடி செருப்பு, சிறிய துண்டு, ஈரத்துணி போட நீர் கசியாத பை. எல்லாவற்றிலும் அழியாத மையில் பெயர் எழுதப்பட வேண்டும், ஏனெனில் ஒரே நிறச் சீருடையில் யாருடைய ஜட்டி எது என்று ஆயாவால் சொல்ல முடியாது. புதுத்துணி தேவையில்லை, குழந்தைக்குப் பழகிய பழைய துணியே மேல்.

திட்டினால் குழந்தை பள்ளியில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும், அல்லது மலத்தை அடக்கும். அடக்கிய மலம் இறுகிச் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் நனைப்பது கூடவே செய்யும். "நனைஞ்சிருச்சா, வா மாத்திக்கலாம்" என்பதற்கு மேல் பேச்சு தேவையில்லை. பல மாதம் நனைக்காதிருந்த பிள்ளை திடீரென்று மீண்டும் நனைத்தாலோ, எரிச்சல், காய்ச்சல், ஓயாத தாகம் இருந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஈரத்துணி வீட்டுக்கு வந்த அன்றே வெறும் தண்ணீரில் அலசி, பிறகு சோப்புப் போட்டுத் துவைத்தால் வாடை தங்காது. பெரும்பாலும் தவறுவது மறுநாள்தான்: துவைத்த துணி கொடியில் காய்ந்துகொண்டிருக்கும், பை காலியாகப் பள்ளிக்குப் போகும். இரண்டாவது தொகுப்பு இருப்பது அந்த நாளுக்காகவே.