பத்து சதவீதம் என்றால் எதில் பத்து?

2006 அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸ் ஒரு போட்டி அறிவித்தது. அப்போது அது டிவிடிக்களைத் தபாலில் அனுப்பி வாடகை வாங்கும் அமெரிக்கக் கம்பெனி. பார்த்த படத்துக்கு வாடிக்கையாளர்கள் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போடுவார்கள். இன்னும் பார்க்காத படத்துக்கு அவர்கள் எத்தனை போடுவார்கள் என்று கம்பெனியின் ‘சினிமேட்ச்’ மென்பொருள் கணிக்கும். அந்தக் கணிப்பை 10 சதவீதம் மேம்படுத்திக் காட்டுகிறவர்களுக்கு 10 லட்சம் டாலர் பரிசு. பழகிப் பார்க்க 10 கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரப் பதிவுகளை, பெயர்களை நீக்கிவிட்டுக் கொடுத்தார்கள். ஏறத்தாழ மூன்று வருஷம் கழித்து, 2009 செப்டம்பரில், ‘பெல்கோர்ஸ் பிராக்மாட்டிக் கேயாஸ்’ என்ற அணி 10.06 சதவீத முன்னேற்றத்துடன் பரிசை வாங்கியது.

தரவு அறிவியல் துறையில் இதைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் இதைச் சொல்லும்போது பலரும் ஒரே மூச்சில் மூன்று விஷயங்களைச் சேர்த்துவிடுகிறார்கள்: போட்டியில் ஜெயித்தார்கள், அந்த மாடல் நெட்ஃபிளிக்ஸில் ஓடியது, அதனால் கம்பெனிக்குக் காசு கொட்டியது. முதலாவது உண்மை. இரண்டாவது பெரும்பாலும் உண்மையில்லை. மூன்றாவதை அந்தப் போட்டியை வைத்து யாரும் நிரூபிக்கவில்லை. இன்று வேலைக்கு விண்ணப்பிக்கிறவரின் பயோடேட்டாவிலும், மேலாளருக்கு முன்னால் ஓடும் ஸ்லைடிலும் நடக்கிற மிகைப்படுத்தல் அநேகமாக இதே மூன்றின் கலப்படம்தான்.

முதலில் போட்டி எண். கணித்த நட்சத்திரத்துக்கும் ஆள் உண்மையில் போட்ட நட்சத்திரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி, எல்லாவற்றுக்கும் சராசரி எடுத்து, வர்க்கமூலம் கண்டால் வருவது ஆர்எம்எஸ்இ என்ற பிழை அளவு. சினிமேட்சின் பிழை 0.9525. ஜெயித்த அணியுடையது 0.8567. இடைவெளி ஒரு நட்சத்திரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ‘10 சதவீதம்’ என்று கேட்டதும் பத்துப் படத்தில் ஒன்று கூடுதலாகப் பிடித்துப்போகும் என்று மனசு கணக்குப் போடுகிறது. எண் அப்படி எதையும் சொல்லவில்லை.

அதே மாடலுக்கு இன்னும் பெரிய சதவீதமும் காட்ட முடியும். ஒவ்வொரு படத்துக்கும் கிடைத்த சராசரி நட்சத்திரத்தையே கணிப்பாகக் கொடுத்தால் பிழை சுமார் 1.05. அதோடு ஒப்பிட்டால் ஜெயித்த அணியின் முன்னேற்றம் 10 இல்லை, ஏறத்தாழ 19 சதவீதம். மாடல் மாறவில்லை, பக்கத்தில் நிறுத்திய ஆள்தான் மாறினார். ஆகவே சதவீதத்தைச் சொல்கிறவர் எதோடு ஒப்பிட்டார் என்பதையும் அதே வரியில் சொல்ல வேண்டும். ஏற்கெனவே நடைமுறையில் இருந்த முறையோடு ஒப்பிடுவதுதான் நேர்மையான ஒப்பீடு. ஒன்றும் தெரியாத சராசரியோடு ஒப்பிட்டு ஜெயிப்பது பெரிய காரியமில்லை.

கடைசி நாள் சமாச்சாரம் ஒன்றும் இருக்கிறது. எல்லோரும் பார்க்கிற தரவரிசைப் பட்டியலில் இறுதியில் முன்னால் நின்றது ஜெயித்த அணியே இல்லை. ‘தி என்சாம்பிள்’ என்ற இன்னொரு அணி 10.10 சதவீதத்தில் இருந்தது, இவர்கள் 10.09. பரிசை முடிவு செய்ததோ யாருக்கும் காட்டாமல் தனியே வைத்திருந்த இன்னொரு பகுதித் தரவு. அதில் இரண்டு அணிகளுக்கும் நான்கு தசம இடம் வரை ஒரே எண். பிறகு யார் முதலில் அனுப்பினார்கள் என்று பார்த்தார்கள், வித்தியாசம் 20 நிமிஷம். கண்ணுக்குத் தெரிகிற பட்டியலைப் பார்த்துப் பார்த்து மாடலைத் திருத்தும்போது மாடல் அந்தப் பட்டியலுக்கே பழகிவிடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. காகிள் போன்ற இன்றைய போட்டித் தளங்களிலும் இதுவே நடைமுறை. வெளிப்பட்டியலில் ஒருநாள் எட்டிய 12வது இடத்தை எழுதிவிட்டு, மறைத்துவைத்த தரவில் 300வது இடத்துக்கு இறங்கியதை விட்டுவிடுகிறவர் பொய் சொல்லவில்லைதான். ஆனால் தெரிந்த ஒருவர் இரண்டு நிமிஷத்தில் போட்டிப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுவார்.

பதக்கமும் அப்படித்தான். நூறுக்குக் குறைவான அணிகள் உள்ள காகிள் போட்டியில் முதல் 40 சதவீதத்துக்குள் வந்தாலே வெண்கலம். ஆயிரத்தைத் தாண்டிய போட்டியில் அதே வெண்கலத்துக்கு முதல் 10 சதவீதத்துக்குள் வர வேண்டும். ‘காகிள் பதக்கம் வென்றவர்’ என்பதைவிட, ‘1,500 அணிகளில் 40வது இடம், மூன்று பேர் அணி, தரவுச் சுத்திகரிப்பும் ஒரு மாடலும் என் பங்கு’ என்பது நீளம்தான். படிக்கிறவருக்கு ஆனால் அதில்தான் ஆள் தெரிகிறார்.

இனி, மாடல் உண்மையில் ஓடியதா? போட்டியின் முதல் வருஷமே ஒரு இடைக்காலப் பரிசு கொடுத்தார்கள். அதை வாங்கிய அணி இரண்டாயிரம் மணி நேரத்துக்கு மேல் உழைத்து, 107 வழிமுறைகளைக் கலந்து 8.43 சதவீதத்தை எட்டியிருந்தது. நெட்ஃபிளிக்ஸ் பொறியாளர்கள் அந்த 107இல் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்த இரண்டையும் கலந்தாலே பிழை 0.88க்கு வந்துவிட்டது. அதாவது எட்ட நினைத்த பத்தில் ஏழரை சதவீதம் இரண்டே வழிமுறையில் கிடைத்தது. அதையும் அப்படியே தூக்கி வைக்க முடியவில்லை. போட்டிக்காக எழுதியவை 10 கோடிப் பதிவுகளுக்குப் போதுமானவை; கம்பெனியிடம் இருந்ததோ 500 கோடி. புதிதாகப் பதிவுகள் வந்துகொண்டே இருந்தால் எப்படித் திருத்திக்கொள்வது என்ற ஏற்பாடும் அவற்றில் கிடையாது. அதையெல்லாம் சரிசெய்த பிறகே பயன்பாட்டுக்கு வந்தன. 10 லட்சம் டாலர் வாங்கிய இறுதிக் கலவை வரவே இல்லை. கூடுதலாகக் கிடைக்கும் துல்லியம், அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் பொறியியல் உழைப்புக்குக் கட்டுப்படியாகாது என்று 2012இல் அவர்களே எழுதினார்கள். தபால் டிவிடியிலிருந்து இணைய ஒளிபரப்புக்குத் தொழிலும் நகர்ந்திருந்தது. ஆள் என்ன நட்சத்திரம் போடுவார் என்பதைவிட, இப்போது எதை அழுத்திப் பார்ப்பார் என்பது முக்கியமாகிவிட்டது.

‘லைவ்ல இருக்கு’ என்று ஒருவர் சொல்லும்போது நான் கேட்க விரும்புவது இதைத்தான்: மாடல் சொன்னதை வைத்து யாராவது ஏதாவது செய்தார்களா? பல இடங்களில் மாடல் பின்னணியில் கணித்துக்கொண்டிருக்கும், முடிவெடுப்பது பழைய விதிமுறையாகவே இருக்கும். சோதனைக் கட்டத்தில் அப்படி ஓட்டுவதுதான் முறை, தப்பே இல்லை. ஆனால் அதை ‘பின்னணியில் ஓடியது’ என்றே எழுத வேண்டும். எத்தனை சதவீத வாடிக்கையாளர்களுக்கு, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, சர்வரில் ஏற்றியது யார் என்ற விவரங்கள் கூடவே வந்தால் மேற்கொண்டு கேள்விக்கு இடமிருக்காது.

மிகைப்படுத்தல் அதிகம் நடப்பது பணக் கணக்கில். ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதம் 300 ரூபாய் வாங்கும் ஒரு சந்தா நிறுவனம். யார் சந்தாவை நிறுத்தப்போகிறார்கள் என்று கணிக்கும் மாடல் ஒன்றை நம் தரவு அறிவியலாளர் செய்திருக்கிறார். 20,000 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு பாதியாகப் பிரித்தார்கள். முதல் பாதியில் மாடல் ‘ஆபத்து’ என்று காட்டிய 1,000 பேருக்கு ஆளுக்கு 100 ரூபாய் தள்ளுபடி. இரண்டாம் பாதியில் யாருக்கும் எதுவும் இல்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், தள்ளுபடி இல்லாத பாதியில் 500 பேர் விலகியிருக்கிறார்கள், தள்ளுபடி கொடுத்த பாதியில் 440 பேர்.

ஸ்லைடில் என்ன எழுதுவது? ‘விலகல் 12 சதவீதம் குறைந்தது’ என்று எழுதலாம், 500இல் 60 குறைந்தால் 12 சதவீதம்தான். ‘5 சதவீதமாக இருந்தது 4.4 ஆனது’ என்றும் எழுதலாம். இரண்டும் சரி. முதலாவதை மட்டும் பெரிய எழுத்தில் போடுவதில்தான் கள்ளம் இருக்கிறது.

அடுத்தது தற்செயல். இரண்டு பாதிக்கும் எதுவுமே செய்யாமல் விட்டிருந்தாலும் எண்கள் கொஞ்சம் முன்பின்னாகத்தான் வந்திருக்கும். வழக்கமான 95 சதவீத நம்பக எல்லையைக் கணக்கிட்டால், தக்கவைத்தவர்கள் 60 பேர் என்பது ஏறத்தாழ 1 முதல் 119 வரை எங்கேயும் இருக்கலாம். பலன் இருப்பதாகத் தெரிகிறது, எவ்வளவு என்பதுதான் தெரியவில்லை. அதை அப்படியே சொல்லிவிட்டு இன்னொரு தடவை பெரிய அளவில் சோதிக்கக் கேட்பவரை எந்த நல்ல மேலாளரும் குறைவாக நினைக்க மாட்டார்.

காசாக மாற்றினால் இன்னும் ஆட்டம் காணும். 60 பேரும் ஒரு வருஷம் இருப்பார்கள் என்று வைத்தால் வரவு 2,16,000 ரூபாய். தள்ளுபடிச் செலவு ஒரு லட்சம் போக 1,16,000 மிச்சம். அவர்கள் நான்கு மாதம்தான் இருந்தார்கள் என்றால் வரவு 72,000, அதாவது 28,000 ரூபாய் நஷ்டம். ‘ஒரு வருஷம்’ என்பது அளந்த எண் இல்லை, ஊகம். ஊகம் என்று பக்கத்தில் எழுதாவிட்டால் லாபம் முழுக்க அந்த ஊகத்தின் மேல் நிற்பது யாருக்கும் தெரியாது.

இத்தனைக்கும் பிறகு, பலன் தந்தது மாடல்தானா என்பது இன்னும் தெரியவில்லை. சோதனை ஒப்பிட்டது தள்ளுபடி கிடைத்த பாதியையும் கிடைக்காத பாதியையும். மாடலே இல்லாமல், போன மாதம் ஒரு தடவைகூட உள்ளே வராத 1,000 பேருக்குத் தள்ளுபடி கொடுத்திருந்தாலும் இதே 60 பேர் தங்கியிருக்கலாம். மாடலின் பங்கு தெரிய வேண்டுமென்றால் மூன்றாவதாக ஒரு குழு வேண்டும்: அதே தொகை, அதே எண்ணிக்கை, ஆட்களைத் தேர்ந்தெடுப்பது மட்டும் பழைய விதி. அந்தக் குழு இல்லாதவரை எழுதக்கூடிய வரி இது: ‘விலகல் கணிப்பு மாடலைக் கொண்டு தள்ளுபடித் திட்டம் ஒன்றை 20,000 பேரிடம் சோதித்தோம். மூன்று மாதத்தில் விலகல் 5 சதவீதத்திலிருந்து 4.4 ஆனது. தள்ளுபடியின் பலனையும் மாடலின் பலனையும் தனித்தனியே அளக்கவில்லை.’

நெட்ஃபிளிக்ஸிலும் பணத்தைப் பற்றிய பேச்சு பின்னால் வந்தது. 2015இல் அதன் அதிகாரிகள் இருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், பரிந்துரையும் தனிப்பயனாக்கமும் சேர்ந்து ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் மிச்சப்படுத்துவதாக நினைக்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அது பல மாடல்களும் பக்க வடிவமைப்பும் சேர்ந்த மொத்த மதிப்பீடு. அந்தக் குழுவில் ஒரு மாடலைக் கவனித்தவர் தன் பயோடேட்டாவில் ‘100 கோடி டாலர்’ என்று போட்டுக்கொண்டால், பக்கத்து மேசைக்காரரும் அதையே போட்டிருப்பார்.

எழுதும் எண்ணுக்குத் தேதியும் வேண்டும். போட்டி முழுக்க முழுக்க எதைக் கணிக்க நடந்ததோ, அந்த ஐந்து நட்சத்திரத்தை 2017இல் நெட்ஃபிளிக்ஸ் எடுத்துவிட்டது. இப்போது அங்கே இருப்பது மேலும் கீழும் காட்டும் கட்டைவிரல்.