கேமராவைச் சுவரில் மாட்டுவது கடைசிப் படி

"ஆப்பை நிறுவி, கேமராவைச் சுவரில் பொருத்தி, மின் இணைப்பு கொடுத்து, விளக்கு மின்னியதும் Add Device அழுத்தி, வைஃபை கடவுச்சொல்லைக் கொடுத்து, கியூஆர் கோடை ஸ்கேன் செய்யவும். மின் இணைப்பு கொடுப்பதற்கு முன் மெமரி கார்டைச் செருகவும். விளக்கு மின்னாவிட்டால் ரீசெட் பொத்தானை 5 விநாடி அழுத்தவும். குறிப்பு: 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இயங்காது."

வீட்டு வாசலில் மாட்டும் வைஃபை கேமராப் பெட்டியைப் பிரித்தால், ஏறக்குறைய இந்தப் பாணியில் ஒரு மடித்த தாள் கிடைக்கும். இதில் பொய்யான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் இதை வரிவரியாகப் பின்பற்றுகிறவர் ஸ்டூலில் ஏறிக் கேமராவை மாட்டுவார், பிறகு கார்டைச் செருகக் கழற்றுவார், மறுபடி மாட்டுவார். வைஃபை இணையவில்லை என்று அரை மணி நேரம் போராடிய பிறகுதான் கடைசி வரியில் இருக்கும் குறிப்பு கண்ணில் படும். பிழை வரிசையில் இருக்கிறது.

முதல் வாக்கியத்தைப் பாருங்கள். நிறுவி, பொருத்தி, கொடுத்து, அழுத்தி, மறுபடி கொடுத்து, ஸ்கேன் செய்து என ஒரே மூச்சில் ஆறு வேலைகள். வினையெச்சங்களை இப்படிக் கோத்துக்கொண்டே போகத் தமிழ் இலக்கணம் தாராளமாக இடம் கொடுக்கிறது. கதை சொல்ல அது வசதி. கையில் கருவியை வைத்திருப்பவருக்கோ அது பெரும் தொல்லை. அவர் தாளைப் பார்க்கிறார், கேமராவைப் பார்க்கிறார், போனைப் பார்க்கிறார், திரும்பத் தாளுக்கு வருகிறார். எந்த 'து'வில் நின்றோம் என்று தெரிவதில்லை. ஆகவே ஒவ்வோர் எச்சத்தையும் முற்றாக்கி, முற்றுப்புள்ளி வைத்து, எண் கொடுப்பதே திருத்தத்தின் முதல் வேலை.

எது ஒரு செயல் என்ற கேள்வி உடனே வரும். என் அளவுகோல் இது: கை ஓய்ந்து, சரியாக நடந்ததா என்று கண் தேடும் இடத்தில் ஒரு செயல் முடிகிறது. ரீசெட் பொத்தானை 5 விநாடி அழுத்தி விடுவது ஒரே செயல்தான். அழுத்துவதையும் விடுவதையும் பிரித்தால் படிப்பவர் எரிச்சலடைவார். 'போனைக் கையில் எடுக்கவும்' என்பதற்கு எண்ணே தேவையில்லை. 'சிவப்பு விளக்கு மின்னும்' என்பதும் படி அல்ல. அது கருவி செய்வது. அதை அந்தந்தப் படியின் அடியிலேயே எழுதிவிட வேண்டும். மின்னுகிறதா இல்லையா என்று பார்த்துவிட்டுத்தான் அவர் அடுத்த எண்ணுக்குப் போவார். மின்னாவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் அங்கேதான் இடம்.

வரிசையை அமைப்பதில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. எழுத உட்காருமுன் கேமராவை ஒருமுறை நாமே நிறுவிப் பார்த்து, எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கேமராவில் காலக்கெடு ஒன்று ஒளிந்திருக்கிறது. மின்சாரம் கொடுத்ததும் அது இணைப்புக்குத் தயாராகி விளக்கை மின்னவிடும். பல கருவிகள் சில நிமிடங்கள்தான் அப்படிக் காத்திருக்கும். பழைய தாளோ, ஆப்பில் கணக்கு தொடங்க வேண்டும் என்பதையே சொல்லவில்லை. ஓடிபி வந்து சேர்ந்து, கணக்கு திறப்பதற்குள் கேமரா காத்திருப்பதை நிறுத்திவிடும். வாங்கியவர் கேமரா பழுது என்று முடிவுகட்டுவார். நேரம் பிடிக்கும் போன் வேலைகள் எல்லாம் முடிந்த பிறகே கேமராவுக்கு மின்சாரம் தர வேண்டும்.

வைஃபைக் குறிப்பையும் மேலே கொண்டுவர வேண்டும். விலை குறைந்த வீட்டுக் கேமராக்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்கும். பல வீட்டு ரவுட்டர்கள் இரண்டு பெயர்களைக் காட்டுகின்றன. ஒன்று 5G என்று முடியும். போன் அதில் இணைந்திருந்தால் ஆப் அந்தப் பெயரையே கேமராவுக்குத் தரும். கேமராவால் அந்த வைஃபையைப் பார்க்கவே முடியாது. கடவுச்சொல்லை எத்தனை முறை சரியாக அடித்தாலும் பயன் இல்லை. எனவே குறிப்பாகக் கிடந்ததை ஒரு படியாக மாற்றி, கடவுச்சொல் கேட்கும் இடத்துக்கு வெகு முன்னால் வைக்கிறோம்.

'கியூஆர் கோடை ஸ்கேன் செய்யவும்' என்ற வரியில் இன்னொரு சிக்கல். இங்கே இரண்டு கோடுகள் இருக்கின்றன. தாளில் உள்ளதைப் போன் படிக்க வேண்டும். போன் திரையில் தோன்றுவதைக் கேமரா படிக்க வேண்டும். யார் எதைப் படிப்பது என்று சொல்லாவிட்டால், போனைக் கையில் வைத்துக்கொண்டு கேமராவின் அடியில் ஸ்டிக்கரைத் தேடுவார்கள். லென்ஸ் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் விட்டாலும் கேமராவுக்குக் கோடு சரியாகத் தெரியாமல் போகலாம். பழைய தாளில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

திருத்திய பிறகு தாள் இப்படி வருகிறது:

1. லென்ஸ் மேல் உள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்கவும்.
2. மெமரி கார்டைச் செருகவும். 'கிளிக்' என்று கேட்கும்.
3. போனை வீட்டு வைஃபையுடன் இணைக்கவும். 5G என்று முடியும் பெயர் வேண்டாம்.
4. இந்தத் தாளில் உள்ள கியூஆர் கோடைப் போனால் ஸ்கேன் செய்யவும். ஆப் பக்கம் திறக்கும்.
5. ஆப்பை நிறுவவும்.
6. ஆப்பில் கணக்கு தொடங்கவும்.
7. கேமராவுக்கு மின் இணைப்பு கொடுக்கவும். சிவப்பு விளக்கு மின்னும். மின்னாவிட்டால் ரீசெட் பொத்தானை 5 விநாடி அழுத்தவும்.
8. ஆப்பில் Add Device அழுத்தவும்.
9. வைஃபை கடவுச்சொல்லைக் கொடுக்கவும். போன் திரையில் ஒரு கியூஆர் கோடு தோன்றும்.
10. போன் திரையை லென்ஸுக்கு நேராக ஒரு சாண் தூரத்தில் பிடிக்கவும். 'பீப்' ஒலி கேட்கும்.
11. மாட்ட நினைக்கும் இடத்தில் கேமராவை வைத்து, போனில் படம் தடையின்றி வருகிறதா என்று பார்க்கவும்.
12. கேமராவை அங்கே மாட்டவும்.

பதினோராம் படி பழைய தாளில் கிடையாது. வாசலில் சிக்னல் எட்டவில்லை என்பது சுவரில் துளை போட்ட பிறகு தெரிந்து யாருக்கு என்ன லாபம்? மெமரி கார்டைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சேர வேண்டும். சில ஆப்கள் கார்டை ஃபார்மட் செய்யச் சொல்லும். செய்தால் அதில் இருக்கும் படங்கள் அழிந்துவிடும். அந்த எச்சரிக்கை இரண்டாம் படிக்கு மேலே நிற்க வேண்டும். கீழே எழுதினால், கார்டு உள்ளே போன பிறகுதான் படிப்பார்கள். 'மின் இணைப்பு கொடுப்பதற்கு முன்' என்ற தொடரையே ஒழித்ததும் இதற்காகத்தான். காதில் முதலில் விழுவது மின் இணைப்பு. கை அங்கேதான் போகும்.

பொறுமை இல்லாமல் நேரே கருவியில் கைவைப்பது மனித இயல்பு. ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் கணினிப் புதியவர்களைக் கவனித்த ஜான் கரோல், 1990-இல் வெளியான தம் நூலில் இதை விரிவாக எழுதினார்: கையேடு தடித்தால் மக்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இந்தத் தாளில் பன்னிரண்டு படிகளுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வதும் அதனால்தான். இரவுக் காட்சி, அசைவு எச்சரிக்கை, பகிர்வு எல்லாம் முழுக் கையேட்டுக்கு உரியவை.

தாள் அச்சுக்குப் போகுமுன், கேமராவை இதுவரை தொட்டிராத ஒருவரிடம் பெட்டியோடு கொடுத்துவிட்டு அருகில் வாய் திறக்காமல் உட்காருங்கள். அவர் தாளுக்குத் திரும்பி ஒரே வரியை மறுமுறை படிக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு படிக்குள் இரண்டு செயல்கள் இருக்கின்றன, அல்லது முன்னால் வர வேண்டிய ஒன்று பின்னால் நிற்கிறது. ஆப் புதுப்பிக்கப்படும்போது Add Device என்ற பெயர் வேறாகிவிடக்கூடும். எந்த ஆப் பதிப்புக்கு எழுதிய தாள் என்பதை அதன் மூலையில் அச்சிட்டு, பதிப்பு மாறும்போதெல்லாம் இதே சோதனையை மறுபடி செய்யுங்கள்.